கழுத்துக்குள் ஒரு சார்

என்னை முதன்முதலில் ‘சார்’ என்று கூப்பிட்டவர் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்த ஒரு வியாபாரி. நேரில் அல்ல, டெலிபோனில். அறுபதுகளின் தொடக்கம் அது. நான் திருச்சி எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் போர்டில் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் நம்பர் சொல்லிப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைன் கிடைத்ததும் நாங்கள் கூப்பிட்டு இணைப்போம். மண்டிக்காரருக்குக் காத்திருக்கிற வழக்கமே கிடையாது.

“ஏம்மா, தூங்குறியா? மதுரை புக் பண்ணி எவ்வளவு நேரமாச்சு?” என்றுதான் தினமும் ஆரம்பிப்பார். அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பிக்கப் போனார். நான் “ட்ரங்க்ஸ்” என்றேன். உடனே குரலை இறக்கினார். “சார், மதுரை ஒண்ணு போட்டிருந்தேன். கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா சார்?” என்றார்.

நான் திருத்தவில்லை. ஏன் திருத்த வேண்டும்? நாலு வருஷமாக அந்த மனிதரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். “பாக்கறேன், வைங்க” என்று ஒரு அதட்டுப் போட்டேன். “சரிங்க சார்” என்று வைத்துவிட்டார். பக்கத்து நாற்காலிக்காரி சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

அவள் உறையூர்க்காரி. என்னுடன் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். அதற்குப் பிறகு எரிந்து விழுகிற சந்தாதாரர் யார் வந்தாலும், “இருங்க, சாரைக் கூப்பிடுறேன்” என்று என்னிடம் தள்ளிவிட ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து மற்ற பெண்களும் அப்படியே செய்தார்கள். நானும் பதவி உயர்வு கிடைத்தவள் போல நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வேன். ஒரே ஆள், அதே வார்த்தைகள், குரல் மட்டும் கொஞ்சம் கட்டை. அதற்கு எவ்வளவு மரியாதை என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

குரல் ஏன் கட்டையானது என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. நாளெல்லாம் கத்துகிறோம், தொண்டை கட்டாதா என்று விட்டுவிட்டேன்.

தொண்டையோடு நின்றிருந்தால் சரி. அந்த வருஷம் எனக்கு எல்லாமே தலைகீழாகப் போனது. சித்திரை வெயிலில் திருச்சியில் மனிதர்கள் வாயைத் திறந்துகொண்டு அலைவார்கள். நானோ ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது காவேரிப் பாலத்துக் காற்றுக்குச் சால்வை போர்த்திக்கொள்வேன். போர்டு அறையில் இருந்தது இரண்டு மின்விசிறி. எனக்கு நேரே மேலே இருந்ததை நான் நிறுத்துவேன், உறையூர்க்காரி போடுவாள். மறுபடி நிறுத்துவேன். “உனக்கு ஊட்டிக்கு மாத்தல் வாங்கித் தரச் சொல்லட்டுமா?” என்பாள்.

சாப்பாடு குறைந்துவிட்டது, உடம்பு மட்டும் ஏறியது. ரவிக்கை ஒன்றுகூடப் பொருந்தவில்லை. முகம் காலையில் உப்பிப்போய் இருக்கும். வாரினால் சீப்பு நிறைய முடி. ராத்திரி முழுக்கத் தூங்கினாலும் எழுந்திருக்கும்போது மூட்டை தூக்கியவள் மாதிரி இருக்கும். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் அடுத்த பகுதியில் இருந்த அம்மாள் என்னைத் தண்ணீர்க் குழாயடியில் மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, “என்ன, விசேஷமா?” என்றாள். “விசேஷம் ஒண்ணும் இல்லைங்க. வெறும் சதைதான்” என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

என் கணவர் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். அதிகம் பேசமாட்டார். ஆனால் கண் எல்லாவற்றையும் அளந்துகொண்டே இருக்கும். “நீ படி ஏறும்போது நடுவுல நிக்கிற. முன்னாடி நிக்க மாட்ட” என்றார் ஒருநாள். அவர் வற்புறுத்தலால் ஒரு டாக்டரிடம் போனேன். டாக்டர் என் கண் இமையை இறக்கிப் பார்த்தார். சோகை என்றார், இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். குடித்தேன். நாக்கு கறுத்ததுதான் மிச்சம். அலுப்பு அப்படியே இருந்தது.

கழுத்தில் இருந்த வீக்கத்தைக் கண்டுபிடித்தது உறையூர்க்காரி. ஓய்வறையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எதற்கோ நான் தலையை நிமிர்த்தினேன். “ஏய், அப்படியே இரு” என்றாள். கிட்டே வந்து பார்த்தாள். கழுத்தின் முன்பக்கம், கீழே, இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல ஒரு புடைப்பு. வலி கிடையாது. தொட்டால் ரப்பர் மாதிரி இருந்தது. நான் கண்ணாடியில் பொட்டு வைக்கிற பெண். நெற்றிக்குக் கீழே பார்த்து எத்தனை காலம் ஆகியிருந்ததோ தெரியாது.

“இது அந்தச் சனியனால வந்தது” என்றாள் அவள்.

அவள் சொன்ன சனியன் எங்கள் மார்பில் தொங்கிய பேசுகருவி. காதில் ஒரு கருவி, தலைக்கு மேலே ஒரு வளையம். மார்பில் ஒரு தகடு, அதிலிருந்து வாய்க்கு நேராக வளைந்து வரும் ஊதுகுழல் போன்ற ஒன்று. அந்தத் தகட்டைத் தாங்குகிற பட்டை கழுத்தைச் சுற்றிப் போகும். டியூட்டி முடிகிறவரை கழற்ற முடியாது. அதன் கனம் கழுத்தை இழுத்து இழுத்து வீங்க வைத்துவிட்டது என்பது அவள் முடிவு. அடுத்த நாளே எல்லாப் பெண்களும் கண்ணாடிக்கு முன் நின்று தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். ஒருத்திக்குக் கொஞ்சம் இருக்கிற மாதிரி தெரிந்தது, இன்னொருத்திக்கு இல்லாத இடத்தில் வலித்தது. பட்டையை மாற்று, இல்லாவிட்டால் நஷ்ட ஈடு கொடு என்று மனு போட வேண்டும் என்று ஓய்வறை முழுக்கப் பேச்சு. மனுவுக்குச் சாட்சி என் கழுத்து. எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது என்று சொல்லாமல் இருக்க முடியாது. சும்மா வந்த நோய் என்பதைவிட வேலை செய்து வந்த நோய் என்றால் கௌரவம்தானே.

ஆனால் மனு போடுவதற்குள் எனக்கு வேறு வினை வந்தது. நான் தவறு செய்ய ஆரம்பித்தேன்.

ட்ரங்க் போர்டில் வேகம்தான் எல்லாம். விளக்கு எரிந்தால் கை போக வேண்டும், ஒரு கை இணைப்புக் கயிற்றைத் துளையில் செருகும்போது மறு கை அடுத்ததை எடுக்க வேண்டும், காது ஒன்றைக் கேட்கும்போது வாய் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். அப்படிப்பட்ட நான் சேலத்தைக் கேட்டவருக்கு ஈரோட்டைக் கொடுத்தேன். நம்பரைக் கேட்டு, எழுதுவதற்குள் மறந்து, திரும்பக் கேட்டேன். ஒரு பகல் நேரத்தில், விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே, கயிற்றைக் கையில் பிடித்தபடி தூங்கிவிட்டேன்.

சூப்பர்வைசர் அம்மாள் கண்டிப்பானவள், அநியாயக்காரி அல்ல. என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“என்னம்மா ஆச்சு உனக்கு? வீட்டுல ஏதாவது பிரச்சினையா?”

“இல்லைங்க மேடம்.”

“சந்தாதாரருங்க புகார் பண்றாங்க. பேச்சும் புரியலைங்கறாங்க. இந்த மாசம் முடியிற வரைக்கும் பாப்பேன். சரியாகலைன்னா உன்னை போர்டுல வச்சிருக்க முடியாது. டிக்கெட் ரூமுக்கு அனுப்பிடுவேன்.”

டிக்கெட் ரூம் என்பது ஒவ்வொரு டெலிபோன் காலுக்கும் நாங்கள் எழுதும் சீட்டுகளைப் பிரித்து அடுக்கிக் கட்டணம் போடுகிற அறை. சம்பளம் பெரிதாகக் குறையாது. ஆனால் அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை, டெலிபோனும் கிடையாது. அங்கே போன ஆபரேட்டர் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த போர்டு வேலை வெறும் வேலை அல்ல. பள்ளிக்கூடம் முடித்ததும் வீட்டில் சண்டை போட்டு வாங்கிய வேலை. நான் திருச்சியைத் தாண்டிப் போனதில்லை, ஆனால் பம்பாயும் கல்கத்தாவும் என் கையில் இருந்து போயின. அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. பஸ்ஸில் அழுதேன். சால்வை இருந்தது வசதியாகப் போயிற்று.

அந்த வாரத்தில்தான் டாக்டர் அம்மாள் ஒருவரின் கால் வந்தது.

கண்டோன்மென்ட் பக்கம் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி வைத்திருந்தார் அவர். அனேகமாகத் தினமும் சென்னைக்கு ஒரு ட்ரங்க் போடுவார். நேரில் பார்த்ததில்லை. ஆனால் நான் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அவர் குரல் தெரியும், அவருக்கு என் குரல் தெரியும். “வணக்கம், நீங்கதானா? சென்னை போடுங்க” என்பார். நடுவில் எனக்கு டியூட்டி நேரம் மாறியதால் சில மாதங்கள் அவர் கால் என்னிடம் வரவில்லை. அன்றைக்கு வந்தது.

“ட்ரங்க்ஸ்.”

“சென்னை ஒண்ணு போடணும் சார்” என்றவர், நம்பர் சொன்னார். நான் அதைத் திருப்பிச் சொன்னேன்.

“ஒரு நிமிஷம். நீங்க... எப்பவும் காலையில இருப்பீங்களே, அவங்கதானே?”

“ஆமாங்க டாக்டர்.”

“ஜலதோஷமா?”

“இல்லைங்க.”

“எத்தனை மாசமா இப்படி இருக்கு? குளிர் தாங்குதா உங்களுக்கு? கழுத்துல வீக்கம் ஏதாவது இருக்கா?”

என் கை நின்றுவிட்டது. சந்தாதாரரோடு சொந்தப் பேச்சு பேசக் கூடாது என்பது எங்கள் விதி. சூப்பர்வைசர் எந்த நேரமும் எங்கள் லைனில் வந்து கேட்கலாம். அந்த மாசம் எனக்கு அது கத்திமேல் நடப்பது. “சென்னை வந்ததும் கூப்பிடுறேங்க” என்று கயிற்றை இழுத்துவிட்டேன். இழுத்த பிறகு கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணால் பார்க்காமல் என் கழுத்தைப் பற்றி அவருக்கு யார் சொன்னது?

மறுநாள் அதே நேரத்துக்கு அவர் விளக்கு எரிந்தது.

“ஒரு பி.பி. கால் பதிவு பண்ணணும்” என்றார். குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் பேசுவேன் என்று பெயர் சொல்லிப் போடுகிற காலுக்கு அப்படிப் பெயர். அதற்கு ஊர், நம்பர், ஆள் மூன்றையும் நாங்கள் கேட்டாக வேண்டும்.

“எந்த ஊருங்க?”

“திருச்சி.”

“திருச்சியிலேர்ந்து திருச்சிக்கு ட்ரங்க் கிடையாதுங்களே.”

“அப்படியா? ஆள், ட்ரங்க் போர்டுல காலையில இருக்கிற அம்மா. லைன் கிடைக்கலைன்னா நேர்ல வரச் சொல்லுங்க. சாயங்காலம் எப்ப வேணா வரலாம். விதிப்படிதானே பேசுறேன்?”

“விதிப்படிதாங்க” என்றேன். அந்தக் கட்டைக் குரலிலும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மாலையே போனேன். கணவரும் பட்டறையிலிருந்து நேரே வந்துவிட்டார், கையில் எண்ணெய்க் கறையோடு. டாக்டர் அம்மாள் நான் நினைத்ததைவிடக் குள்ளம். போனில் அவர் உயரமாக இருந்தார். நான் உட்கார்ந்ததும் கேள்வி கேட்கவில்லை, கொஞ்ச நேரம் சும்மா பார்த்தார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

“ஒரு வாய் வச்சுக்குங்க, முழுங்காதீங்க. தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்க. இப்ப முழுங்குங்க.”

விழுங்கினேன். “நீங்களும் பாருங்க” என்று என் கணவரைக் கூப்பிட்டார். மறுபடி விழுங்கச் சொன்னார். என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். தண்ணீர் இறங்கும்போது அந்தப் புடைப்பு மேலே ஏறி, பிறகு பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

“முழுங்கும்போது ஏறி இறங்குது பாருங்க. அது தைராய்டுங்கிற சுரப்பி. எல்லாருக்கும் அந்த இடத்துல இருக்கும். உங்களுக்குப் பெரிசாயிருக்கு” என்றார். எனக்குப் பின்னால் வந்து நின்று, இரண்டு கை விரல்களாலும் மெதுவாகத் தடவிப் பார்த்தார். முழுங்கக் கஷ்டமா, மூச்சு விடக் கஷ்டமா என்று கேட்டார். இல்லை என்றேன். கல் மாதிரி முடிச்சு எதுவும் கைக்குத் தட்டவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

நான் பட்டைக் கதையைச் சொன்னேன். மனு வரைக்கும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அந்தப் பட்டை எங்க அழுத்துது?”

பிடரியைத் தொட்டுக் காட்டினேன். காட்டும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கனம் முழுக்கப் பின்கழுத்தில், வீக்கம் முன்கழுத்தில். ஓய்வறையில் அத்தனை பேர் இத்தனை நாள் பேசினோம், ஒருத்திக்கும் அது தோன்றவில்லை.

பிறகுதான் கேள்விகள். குளிர், மலச்சிக்கல், முடி, மறதி. மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா? ஆமாம். பசி குறைந்தும் எடை ஏறுகிறதா? ஆமாம். ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்ட ஆட்ட, என் கணவருக்குத் தாங்கவில்லை.

“டாக்டர், அக்னி நட்சத்திரத்துல இவ போர்த்திக்கிட்டுப் படுக்கிறா. நான் முற்றத்துல பாயைப் போட்டுப் படுக்கிறேன்” என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் மூன்றாம் மனிதரிடம் என்னைப் பற்றிச் சொன்ன முதல் குறை அது.

நாடி பிடித்துப் பார்த்து, “மெதுவா ஓடுது” என்றார் டாக்டர். கையைத் தடவி, தோல் வறண்டு குளிர்ந்திருக்கிறது என்றார். கடைசியாக ஒரு நாற்காலியின் மேல் என்னை மண்டியிடச் சொன்னார், பாதம் இரண்டும் வெளியே தொங்கும்படி. எனக்கு வெட்கமாக இருந்தது. குதிகாலுக்கு மேலே இருக்கிற நரம்பில் ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு தட்டினார். பாதம் வெடுக்கென்று உதைத்தது. பிறகு சாவகாசமாக, அதற்கு வேறு வேலை இல்லாதது போல, திரும்பி வந்தது. என் கணவரையும் மண்டியிட வைத்துத் தட்டிக் காட்டினார். அவர் பாதம் போன வேகத்தில் திரும்பிவிட்டது.

“எந்திரம் ஓடுது, ஆனா வேகம் இல்லை” என்றார் என் கணவர்.

“அதேதான்” என்றார் டாக்டர். “வீக்கத்தை மட்டும் பார்த்து எதுவும் சொல்லக் கூடாது. வீக்கம் இருந்தும் சுரப்பி ஒழுங்கா வேலை செய்யலாம். சில பேருக்கு அளவுக்கு மீறி வேலை செய்யும். அவங்க நல்லா சாப்பிட்டும் இளைச்சுப் போவாங்க, நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வெயில் துளி ஆகாது. உங்களுக்கு எல்லாம் அதுக்கு எதிர்ப்பக்கம். சுரப்பி சோம்பிப் போச்சுன்னு சந்தேகப்படுறேன். ரத்தம் பாத்துட்டுத்தான் உறுதியாச் சொல்வேன்.”

“இரும்பு டானிக் குடுத்தாங்களே டாக்டர்?” என்றேன்.

“அதுல தப்பில்லை. சோகையும் இருக்கு. அந்தச் சோகைக்குப் பின்னாடியும் இது இருக்கலாம்.”

“பார்க்காமலே எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?” என்று நான் கேட்டே விட்டேன்.

“நாலு வருஷமா தினமும் உங்க குரலைக் கேட்டிருக்கேன். நடுவுல கொஞ்ச மாசம் கேக்கலை. தினமும் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு மாறினது தெரியாது. எனக்குத் திடீர்னு வேற ஆள் பேசுற மாதிரி இருந்துச்சு. குரல் மட்டும் இல்லை, நாக்கு தடிச்ச மாதிரி பேச்சும் மெதுவாயிருச்சு. அதான் கேட்டேன். நீங்க கயித்தை இழுத்துட்டீங்க.”

ரத்தம் எடுத்தார். சுரப்பி சோம்பினால் ரத்தத்தில் கொழுப்பு ஏறும், அதை இங்கேயே பார்த்துவிடலாம். தைராய்டு சுரக்கிற சத்தோடு சேர்ந்து ரத்தத்தில் இருக்கும் அயோடினை அளக்க மட்டும் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றார். அதுவரை யாரோ சொன்னார்கள் என்று அயோடினைக் கழுத்தில் பூசவோ குடிக்கவோ கூடாது என்று எச்சரித்தார். உறையூர்க்காரி அதையும் சிபாரிசு செய்திருந்தாள்.

கொழுப்பு அதிகம் என்று உள்ளூர் முடிவு வந்துவிட்டது. சென்னை முடிவு வரவில்லை. மாசமோ முடிந்துகொண்டிருந்தது. சூப்பர்வைசர் அம்மாளிடம் நோய் என்று சொல்லலாம்தான். ஆனால் பெயர் இல்லாத நோயைச் சொல்லிக்கொண்டு போனால் சாக்குச் சொல்கிறேன் என்பார்கள். காத்திருந்தேன்.

மாசத்தின் கடைசி நாட்களில் ஒரு காலை, டாக்டர் அம்மாள் சென்னைக்கு ஒரு கால் போட்டார். நம்பர் வேறு. லைன் கிடைத்ததும் அந்தப் பக்கம், “லேபரட்டரி” என்றார்கள். எனக்குக் கை சில்லிட்டது. அது எப்போதும் சில்லிட்டுத்தான் இருந்தது, அன்றைக்குக் கூடுதலாக. “சென்னை லைன்ல இருக்காங்க, பேசுங்க” என்று இணைத்தேன்.

இணைத்துவிட்டால் ஆபரேட்டர் சாவி என்கிற சின்ன விசையைத் தள்ளி லைனைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், வந்தேன். சாவி என் விரலுக்குக் கீழே இருந்தது. அரை அங்குலம் திருப்பித் தள்ளினால் என் ரத்தத்தைப் பற்றிப் பேசுவது என் காதில் விழும். தள்ளவில்லை. மண்டிக்காரரின் விலை ரகசியத்தையே கேட்காதவள் நான். என் சொந்த ரகசியத்துக்காக அந்தப் பழக்கத்தை விடுவதா என்று ஒரு வீம்பு. விரல் மட்டும் அங்கேயே இருந்தது.

ஆனால் மூன்று நிமிஷம் முடிந்தால் நாங்கள் லைனில் வந்து சொல்லியாக வேண்டும். அது விதி. கடிகாரத்தைப் பார்த்தேன். விதிப்படி, ஒரு நொடிகூட முந்தாமல் சாவியைத் தள்ளினேன்.

“...ரொம்பக் கம்மிங்க டாக்டர். சாதாரண அளவுல பாதிகூட இல்லை” என்றது சென்னை.

“மூணு நிமிஷம் ஆச்சுங்க. தொடரணுமா?” என்றேன் நான்.

டாக்டர் அம்மாள், “வேண்டாம், போதும். யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்குத் தெரிஞ்சுருச்சு” என்றார்.

போர்டில் உட்கார்ந்தபடியே எனக்கு ஆனந்தம் பொங்கியது. நோய் உறுதி என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட பைத்தியம் நானாகத்தான் இருப்பேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் சோம்பேறி இல்லை, மந்தபுத்தி இல்லை, வேலையில் அக்கறை இழந்தவள் இல்லை. கழுத்தில் இருந்த ஒரு சுரப்பி சோம்பேறி. அதை வேலை வாங்கத் தெரிந்த ஆள் கண்டோன்மென்டில் இருக்கிறார்.

மறுநாள் டாக்டர் கொடுத்த சான்றிதழோடு சூப்பர்வைசர் அம்மாளிடம் போனேன். அவள் படித்துவிட்டு என் கழுத்தைப் பார்த்தாள். “இப்பவே இந்த நிலைமையில உன்னை போர்டுல வைக்க முடியாதும்மா. லைன்ல இருக்கிறவங்களுக்கு நியாயம் இல்லை. டிக்கெட் ரூமுக்குப் போ. உடம்பு சரியானதும் வா. நானே உக்காந்து கேப்பேன். பழைய வேகம் இருந்தா உன் நாற்காலி உனக்கு.” எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். “வருவேங்க மேடம்” என்றேன்.

மாத்திரையைக் கொடுக்கும்போது டாக்டர் அம்மாள், “இது மிருகத்தோட தைராய்டைக் காயவச்சுப் பொடி பண்ணினது. ஸ்ரீரங்கத்துலேர்ந்து வர்றீங்க, ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லுங்க” என்றார். நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டில் மீன் சமைக்கக் கூடாது என்பதுதான் எங்கள் வீட்டுச் சொந்தக்காரரின் நிபந்தனை. மாத்திரையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. “தினமும் போடணும். நிறுத்தவே கூடாது, அனேகமா ஆயுசுக்கும். குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துவேன். அவசரப்பட்டா நெஞ்சு தாங்காது. படபடப்பு வந்தா உடனே சொல்லணும்” என்றார் டாக்டர். அவசரப்படுவது எனக்குக் கூடப்பிறந்தது. ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

டிக்கெட் ரூமில் உட்கார்ந்திருந்தபோது முதலில் சரியானது வயிறு, மலச்சிக்கல் நீங்கியது. இலக்கியத்தில் எழுதத் தக்கதல்ல, ஆனால் அதுதான் உண்மை. பிறகு முகத்து உப்பல் வடிந்தது. ஒருநாள் காவேரிப் பாலத்தில் பஸ் போகும்போது வியர்த்தது. சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண் விசிறிக்கொண்டு, “என்னா புழுக்கம்” என்றாள். “ஆமாங்க, தாங்கலை” என்று நான் சொன்னது அந்த வருஷத்தில் நான் சொன்ன மிக இனிமையான வார்த்தை. வீட்டில் என் கணவர் முற்றத்திலிருந்து பாயைச் சுருட்டி உள்ளே கொண்டு வந்தார்.

வீக்கம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. இன்றும் தலையை நிமிர்த்தினால் கொஞ்சம் தெரியும். குரல்தான் கடைசியில் வந்தது. பல மாதங்கள் ஆயின. அந்த அறையில் பேச ஆள் இல்லாததால் குளியலறையில் பேசிப் பார்ப்பேன். “ட்ரங்க்ஸ்” என்பேன். இன்னும் சார்தான் இருந்தார். அடுத்த வாரம் மறுபடி. ஒருநாள் “ட்ரங்க்ஸ்” என்றேன், என்னுடைய குரல் வந்தது. வெளியிலிருந்து கணவர், “யாரு?” என்றார். “நான்தாங்க” என்றேன்.

சூப்பர்வைசர் அம்மாள் சொன்னபடி என் பின்னால் உட்கார்ந்து முழு ஷிப்டும் கேட்டாள். முடிந்ததும் எழுந்து, விசிறியைப் போட்டுவிட்டுப் போனாள். என் நாற்காலி எனக்கு என்பதற்கு அதுதான் உத்தரவு. உறையூர்க்காரி என் பட்டையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். மனு கைவிடப்பட்டதில் அவளுக்கு இன்னும் வருத்தம் இருந்தது. “என்ன இருந்தாலும் அது கனம்தான்” என்றாள். கனம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை.

அன்றைக்கே மண்டிக்காரர் விளக்கு எரிந்தது.

“ட்ரங்க்ஸ்” என்றேன்.

“ஏம்மா, மதுரை என்னாச்சு? இங்க ஒரு சார் இருப்பாரே, ரொம்ப நாளா காணோம். அவரைக் கூப்பிடு.”

பதவி போன வருத்தம் ஒரு கணம் எனக்கு வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அடுத்த கணம் கை தானாகக் கயிற்றை எடுத்தது. அத்தனை சுறுசுறுப்பாக அது எடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“அவருக்கு உடம்பு சரியில்லைங்க. போயிட்டாரு. இனிமே நான்தான் இருப்பேன்” என்றேன். “மதுரை தயாரா இருக்கு. மரியாதையாக் கேட்டா இப்பவே குடுப்பேன்.”

காத்திருந்தேன். எனக்கு அவசரம் இல்லை. மூன்று நிமிஷக் கணக்கு இணைப்பு கொடுத்த பிறகுதான் ஆரம்பிக்கும்.

“குடுங்கம்மா” என்றார்.

கொடுத்தேன்.